ஒரே வெளியீட்டில் நீராவி வால்வும் குளிர்நீர் வால்வும்: ஸ்பிளிட் ரேஞ்ச் கட்டுப்பாட்டை அமைக்கும் முறை

ஜாக்கெட் பொருத்திய ரியாக்டரில் நடக்கும் பேட்ச் வினைகள் பலவற்றுக்கு ஒரே சுற்றில் சூடாக்கலும் குளிர்விப்பும் தேவைப்படுகின்றன. தொடக்கத்தில் உள்ளடக்கத்தை வினை வெப்பநிலைக்கு ஏற்ற வேண்டும். வினை தொடங்கி வெப்பம் வெளிப்பட ஆரம்பித்ததும் அந்த வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் வெளியீடு ஒன்றுதான், இயக்க வேண்டிய வால்வுகளோ இரண்டு. வெளியீட்டின் 0 முதல் 100 சதவீதம் வரையுள்ள வீச்சை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைக் குளிர்நீர் வால்வுக்கும் மேற்பகுதியை நீராவி வால்வுக்கும் ஒதுக்குவதையே ஸ்பிளிட் ரேஞ்ச் கட்டுப்பாடு என்கிறோம்.

பிரிக்கும் இடத்தை 50 சதவீதத்தில் வைப்பது ஒரு பழக்கமாகவே நிலைத்துவிட்டது. சூடாக்கும் பக்கமும் குளிர்விக்கும் பக்கமும் ஒரே வலிமையில் இயங்கும் அமைப்பு மிக அரிது என்பதால், அந்த 50 சதவீதம் பெரும்பாலான அமைப்புகளுக்குப் பொருந்துவதில்லை. பிரிப்புப் புள்ளியை அளந்து கணக்கிடுவதும், ஒரு வால்வு மூடி மற்றொன்று திறக்கும் அந்தக் கடப்பு இடத்தைச் சரியாக அமைப்பதுமே இந்த வழிகாட்டியின் மையப் பொருள். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

எடுத்துக்கொண்ட அமைப்பு

ரியாக்டரின் ஜாக்கெட் வழியாக ஒரு பம்ப் நீரைத் தொடர்ந்து சுற்றவிடுகிறது. அந்தச் சுற்றில் இரண்டு வெப்பப் பரிமாற்றிகள் உள்ளன. ஒன்றுக்கு நீராவி வால்வு, மற்றொன்றுக்குக் குளிர்நீர் வால்வு. ரியாக்டரின் உள் வெப்பநிலையை ஆளும் முதன்மைக் கட்டுப்படுத்தி, ஜாக்கெட்டுக்குள் நுழையும் நீரின் வெப்பநிலைக்குச் செட்பாயின்ட் தருகிறது. அந்த வெப்பநிலையை ஆளும் துணைக் கட்டுப்படுத்தியின் வெளியீடே இரண்டு வால்வுகளுக்கும் பிரிகிறது. அதாவது இது ஒரு கேஸ்கேட் அமைப்பு, பிரிப்பு அதன் உள் லூப்பில் நிகழ்கிறது.

இந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் உண்டு. நீராவியையும் குளிர்நீரையும் மாறி மாறி நேரடியாகவே ஜாக்கெட்டுக்குள் விடும் அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே நீராவி நிறைந்த ஜாக்கெட்டுக்குள் குளிர்நீர் திடீரெனப் புகுந்தால் நீராவி நொடியில் சுருங்கிக் குழாய்களில் பலத்த நீர்மோதல் ஏற்படும். எதிர்த் திசையில் மாறும்போது ஜாக்கெட்டில் தேங்கிய நீரை முதலில் வடிக்க வேண்டியிருக்கும். அத்தகைய அமைப்பில் மாற்றத்தை ஒரு வரிசைமுறை நிரல்தான் செய்ய வேண்டும். வெளியீடு ஒரு புள்ளியைக் கடந்த உடனே மறு வால்வைத் திறக்கும் எளிய பிரிப்பை அங்கே பயன்படுத்தக் கூடாது. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் நீர் இடையறாமல் சுற்றும் ஜாக்கெட்டுக்கே பொருந்தும்.

முதல் படி: பழுதின்போது எந்த வால்வு எங்கே நிற்க வேண்டும்

கணக்குக்கு முன்னால் இதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் வெளியீட்டின் எந்த முனை குளிர்விப்புக்கு என்பதை இதுவே தீர்மானிக்கிறது. நம் வினை வெப்பம் உமிழ்வது. ஆகவே காற்றழுத்தமோ மின் சிக்னலோ போய்விட்டால் நீராவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும், குளிர்நீர் வால்வு முழுவதும் திறந்துகொள்ள வேண்டும். நீராவி வால்வு காற்று வந்தால் திறக்கும் வகை. குளிர்நீர் வால்வு காற்று வந்தால் மூடும் வகை. இதன்படி வெளியீடு 0 சதவீதம் என்றால் முழுக் குளிர்விப்பு, 100 சதவீதம் என்றால் முழுச் சூடாக்கல். வெளியீடு 0க்கு விழுந்தால் அந்த முனையின் பொருளும் வால்வுகளின் பழுது நிலையும் ஒத்துப்போகின்றன. குளிர்ந்தால் உறைந்துவிடும் அல்லது கெட்டியாகிவிடும் பொருளாக இருந்தால் இந்த முடிவு வேறாக இருக்கலாம்; அதைச் செயல்முறைப் பொறியாளரோடு அமர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

வெளியீடு கூடினால் வெப்பநிலை கூடும் என்பதால் கட்டுப்படுத்தியின் செயல் திசை எதிர்த்திசை: அளவு செட்பாயின்டைத் தாண்டி ஏறினால் வெளியீடு இறங்க வேண்டும்.

அதிவெப்ப நிலையில் நீராவியை வெட்டும் பாதுகாப்புச் செயலை இந்தப் பிரிப்பிடம் ஒப்படைக்கக் கூடாது. அதற்குத் தனி சென்சாரும், நீராவி வால்வின் காற்றை நேரடியாக வெளியேற்றும் தனி சோலனாய்டும் வேண்டும்.

இரண்டாம் படி: பிரிப்பை எங்கே செய்வது

காற்றழுத்தக் கருவிகளின் காலத்தில் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரையிலான ஒரே குழாய் இரண்டு வால்வுகளுக்கும் போகும். ஒரு பொசிஷனரை 3 முதல் 9 வரைக்கும், மற்றொன்றை 9 முதல் 15 வரைக்கும் அளவமைப்பார்கள். மின் சிக்னல் வந்த பிறகும் அதே வழக்கம் 4 முதல் 12 மில்லிஆம்பியர், 12 முதல் 20 மில்லிஆம்பியர் என்று தொடர்ந்தது. ஒரே கம்பியில் இரு பொசிஷனர்களையும் தொடராக இணைக்கும் இந்த முறையை இன்றும் காணலாம். ஓர் அனலாக் வெளியீட்டுச் சேனல் மிச்சமாகிறது என்பதே இதன் ஒரே நன்மை. இழப்புகள் அதிகம்: பிரிப்புப் புள்ளியை மாற்ற வேண்டுமானால் இரண்டு வால்வுகளின் அருகிலும் போய் அளவமைக்க வேண்டும், ஒரு பொசிஷனரின் அளவமைப்பு சற்று நகர்ந்தால் நடுவில் யாருக்கும் தெரியாத ஓர் இடைவெளியோ மேற்படிவோ உருவாகிவிடும், ஒரு வால்வை மட்டும் தனியே அசைத்துப் பார்க்கவும் முடியாது.

எனவே பிரிப்பை டிசிஎஸ் அல்லது பிஎல்சிக்குள் செய்து, ஒவ்வொரு வால்வுக்கும் தனி அனலாக் வெளியீடு கொடுப்பதே சரி. இரண்டு பொசிஷனர்களும் முழு 4 முதல் 20 மில்லிஆம்பியர் வீச்சில் இயங்கட்டும்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு பிழையை முன்கூட்டியே தடுத்துவிடலாம். குளிர்நீர் வால்வு காற்றால் மூடும் வகை என்பதால் அதன் சிக்னலைத் தலைகீழாக்க வேண்டும். இதைப் பிரிப்பு நிரலிலும் செய்து, அனலாக் வெளியீட்டுத் தொகுதியிலும் செய்து, பொசிஷனரிலும் செய்துவிட்டால் எது நேர், எது தலைகீழ் என்று எவராலும் சொல்ல முடியாமல் போகும். நிரலில் எல்லா எண்களும் "வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது" என்பதையே குறிக்கட்டும்: 0 என்றால் மூடியது, 100 என்றால் திறந்தது. தலைகீழாக்கம் ஒரே இடத்தில், அனலாக் வெளியீட்டுத் தொகுதியில் மட்டும் நடக்கட்டும். அப்போது குளிர்நீர் வால்வுக்கு 100 சதவீதம் என்ற கட்டளை 4 மில்லிஆம்பியராக வெளியேறும். கம்பி அறுந்தாலும் வால்வு திறந்த நிலைக்கே போகும்.

மூன்றாம் படி: இரண்டு பக்கங்களின் வலிமையைத் தனித்தனியே அளத்தல்

ரியாக்டரில் வினைப்பொருள்களுக்குப் பதிலாக வழக்கமான அளவு நீரை நிரப்பி, அதன் வெப்பநிலையை வழக்கமான இயக்க வெப்பநிலைக்கு அருகே, நம் எடுத்துக்காட்டில் 60 டிகிரிக்கு, கொண்டுவருகிறோம். கட்டுப்படுத்தியைக் கைமுறைக்கு மாற்றிவிட்டு ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் அசைக்கிறோம்.

ஜாக்கெட் சுற்று உடனே ஒரு நிலையான வெப்பநிலையில் போய் நிற்பதில்லை. ரியாக்டரின் உள்ளடக்கம் மெல்லச் சூடாக, அதுவும் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இறுதி வெப்பநிலைக்குக் காத்திருப்பதை விட, வால்வை அசைத்த பிறகு வெப்பநிலை நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்ற சரிவை அளப்பதே நடைமுறைக்கு ஏற்றது. லூப் விரைவாக இயங்கும்போது கட்டுப்படுத்தி உண்மையில் எதிர்கொள்வதும் அந்தச் சரிவைத்தான்.

நீராவி வால்வை 10 சதவீதத்தில் வைத்தபோது ஜாக்கெட் நுழைவு வெப்பநிலை நிமிடத்துக்கு 0.2 டிகிரி வீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது என்று கொள்வோம். 15 சதவீதத்துக்கு உயர்த்திய சற்று நேரத்தில் அது நிமிடத்துக்கு 1.7 டிகிரியாக மாறியது. முன்பிருந்த நகர்வைக் கழித்தால் 5 சதவீத அசைவு தந்த மாற்றம் 1.5 டிகிரி, ஆகவே ஒரு சதவீதத்துக்கு நிமிடத்துக்கு 0.3 டிகிரி. நீராவி வால்வை மூடி, குளிர்நீர் வால்வை 10 சதவீதத்தில் வைத்தபோது வெப்பநிலை நிமிடத்துக்கு 0.1 டிகிரி இறங்கியது. 15 சதவீதத்தில் 0.6 டிகிரி இறங்கியது. வேறுபாடு 0.5 டிகிரி, ஒரு சதவீதத்துக்கு 0.1 டிகிரி.

அசைத்த கணத்துக்கும் வெப்பநிலை நகரத் தொடங்கிய கணத்துக்கும் இடைப்பட்ட தாமத நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் அமைப்பில் நீராவிப் பக்கம் 20 விநாடி, குளிர்நீர்ப் பக்கம் 30 விநாடி என்று எடுத்துக்கொள்வோம்.

இந்தச் சோதனையை 10 முதல் 15 சதவீதத் திறப்பில் செய்வது வேண்டுமென்றே எடுத்த முடிவு. வால்வின் கெயின் திறப்புக்குத் திறப்பு மாறும்; சம சதவீத வகை வால்வில் மூடிய நிலைக்கு அருகே அது மிகக் குறைவு, முழுத் திறப்பை நெருங்கும்போது அதிகம். இரண்டு பக்கங்களும் ஒத்துப்போக வேண்டிய இடம் கடப்புப் புள்ளியின் அருகாமையே என்பதால் அங்கேதான் அளக்க வேண்டும். ஆனால் மூடும் நிலையை ஒட்டி 2, 3 சதவீதத்தில் அளந்தால் உராய்வும் இருக்கை ஒட்டலும் கணக்கைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: பிரிப்புப் புள்ளியைக் கணக்கிடுதல்

வெளியீட்டின் ஒரு சதவீத மாற்றம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் வெப்பநிலையில் ஒரே அளவு விளைவைத் தர வேண்டும் என்பதே குறிக்கோள். வலிமையான பக்கத்துக்கு வெளியீட்டில் அகன்ற பகுதியும், வலிமை குறைந்த பக்கத்துக்குக் குறுகிய பகுதியும் ஒதுக்கினால் அது கிடைக்கும். முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். குறுகிய பகுதிக்குள் வால்வு முழுத் தூரத்தையும் ஓட வேண்டியிருப்பதால் அது வேகமாக நகர்கிறது, வலிமைக் குறைவை அந்த வேகம் ஈடுசெய்கிறது என்று பார்த்தால் தெளிவாகும்.

```
Split = 100 * Kc / (Kh + Kc)
      = 100 * 0.1 / (0.3 + 0.1) = 25 %
```

இதில் `Kh` நீராவிப் பக்கத்தின் சரிவு, `Kc` குளிர்நீர்ப் பக்கத்தின் சரிவு. ஆகவே 0 முதல் 25 வரை குளிர்நீருக்கு, 25 முதல் 100 வரை நீராவிக்கு. சரிபார்ப்போம்: வெளியீடு ஒரு சதவீதம் நகர்ந்தால் குளிர்நீர் வால்வு 4 சதவீதம் நகரும், 4 பெருக்கல் 0.1 என்றால் நிமிடத்துக்கு 0.4 டிகிரி. நீராவி வால்வு 1.33 சதவீதம் நகரும், 1.33 பெருக்கல் 0.3 என்றாலும் 0.4 டிகிரி. இரண்டும் சமம்.

பழக்கப்படி 50 சதவீதத்தில் பிரித்திருந்தால் நீராவிப் பக்கம் 0.6, குளிர்நீர்ப் பக்கம் 0.2 என்று மூன்று மடங்கு வேறுபாடு நின்றிருக்கும். பெரும்பாலும் டியூனிங் செய்பவர் சூடேற்றும் கட்டத்திலேயே லூப்பைச் சரிசெய்வார். வினை தொடங்கிக் குளிர்விக்கும் பக்கம் வந்ததும் லூப்பின் வலிமை மூன்றில் ஒரு பங்காகிவிடும். இத்தகைய செயல்முறையில் இன்டெக்ரல் நேரம் மாறாமல் இருக்க கெயின் மட்டும் குறைந்தால், லூப் அமைதியாவதற்குப் பதிலாக நீண்ட, மெதுவான அலைவுக்குள் விழும். அந்த அலைவைப் பார்த்துக் கெயினை இன்னும் குறைத்தால் நிலைமை மேலும் மோசமாகும். மாறாக, குளிர்விக்கும் பக்கத்துக்கு ஏற்ப டியூன் செய்தால் சூடேற்றும்போது கெயின் மூன்று மடங்காகி, லூப் வேகமான அலைவின் விளிம்புக்குப் போய்விடும். ஒரு பேட்சின் தொடக்கம் நன்றாக இருந்து வினைக் கட்டம் மட்டும் ஊசலாடினால், டியூனிங் எண்களைத் தொடும் முன் பிரிப்புப் புள்ளியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. இரு பக்கங்களின் விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்று வந்தால் பிரிப்புப் புள்ளி 10 சதவீதத்தில் விழும். குளிர்நீர் வால்வு, வெளியீட்டின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சதவீதம் ஓடும். அளவீட்டு இரைச்சலும் அதே மடங்கில் பெருகி வால்வைச் சதா நடுங்க வைக்கும், பேக்கிங் விரைவில் தேயும். அந்த அளவு வேறுபாடு வந்தால் வால்வின் அளவே தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீராவி வால்வு தேவைக்கு மேல் பெரிதாக இருப்பது மிகப் பரவலான காரணம். வால்வை மாற்ற வழியில்லை என்றால் பிரிப்பை 20 சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டு, எஞ்சிய வேறுபாட்டைப் பக்கத்துக்கு ஒரு கெயின் என்று கட்டுப்படுத்தியில் ஈடுசெய்யலாம்.

ஐந்தாம் படி: கடப்பில் இடைவெளியா, மேற்படிவா

இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நீராவியைக் கொடுத்து அந்த வெப்பத்தைக் குளிர்நீரில் கொட்டுகிறோம். அதைத் தடுக்க நடுவில் இரண்டும் மூடியிருக்கும் ஓர் இடைவெளியை விடுவது வழக்கம். ஆனால் இடைவெளிக்குள் வெளியீடு இருக்கும்வரை கட்டுப்படுத்தி என்ன செய்தாலும் வெப்பநிலையில் எந்த விளைவும் இராது. நம் லூப்பில் கெயின் ஒரு டிகிரிக்கு 2.2 சதவீதம், இன்டெக்ரல் நேரம் 3.5 நிமிடம் என்று கொள்வோம். இவை எப்படி வந்தன என்பது பின்னால் வருகிறது. பிழை 0.5 டிகிரியிலேயே நின்றால் இன்டெக்ரல் செயல் நிமிடத்துக்கு 0.31 சதவீதம் மட்டுமே வெளியீட்டை நகர்த்தும். 4 சதவீத இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும். அதற்குள் வினையின் வெப்பம் பிழையைப் பெருக்கிவிடும், மறுபக்கம் போய்ச் சேரும்போது தேவைக்கு மேல் குளிர்விப்பு நிகழும், பிறகு அதே இடைவெளியை எதிர்த்திசையில் கடக்க வேண்டும். ட்ரெண்டில் வெப்பநிலை ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்குவதும், வெளியீடு 25ஐச் சுற்றி முன்னும் பின்னும் போவதும் இதன் அடையாளம்.

எவ்வளவு இடைவெளி தேவை என்று முடிவு செய்யும் முன் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் பொசிஷனர்களில், கட்டளை ஒரு சிறு அளவுக்குக் கீழே போனால் வால்வை முழு விசையோடு இருக்கையில் அழுத்தி மூடும் ஓர் அமைப்பு உண்டு. அது இரு வால்வுகளிலும் 1 சதவீதத்தில் இயங்கினால், நீராவிப் பக்கத்தில் வெளியீட்டின் 0.75 சதவீதமும் குளிர்நீர்ப் பக்கத்தில் 0.25 சதவீதமும் செயலற்றவை. நிரலில் எந்த எண்ணும் எழுதாமலேயே 1 சதவீத இடைவெளி உருவாகிவிட்டது. நம் அமைப்புக்கு அது போதும். நிரலில் கூடுதலாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பொசிஷனரில் அந்த அமைப்பு இல்லாவிட்டால் நிரலில் 1 சதவீத அளவுக்கு இடைவெளி விடலாம்.

வெப்பநிலை மிக நுட்பமாக நிற்க வேண்டிய இடத்திலும், கடப்புப் புள்ளியிலேயே நெடுநேரம் இயங்க வேண்டிய இடத்திலும் சிறு மேற்படிவைத் தேர்வது தவறில்லை. இரண்டு வால்வுகளும் இருக்கையை விட்டு விலகிச் சீராக நகரும் பகுதியில் இருப்பதால் கடப்பு மென்மையாக இருக்கும். அதற்கு ஆற்றலை விலையாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும்.

ஆறாம் படி: நிரல்

```
(* CO: controller output, 0..100 *)
(* HV, CV: valve opening, 0 = closed *)
IF CO >= 25.0 THEN
  HV := (CO - 25.0) * 100.0 / 75.0;
  CV := 0.0;
ELSE
  HV := 0.0;
  CV := (25.0 - CO) * 100.0 / 25.0;
END_IF;
```

நிரலை ஏற்றிய பிறகு கட்டுப்படுத்தியைக் கைமுறையில் வைத்து, ஒருவர் வால்வுகளின் அருகே நின்று தண்டின் நிலையை நேரில் பார்க்க, வெளியீட்டை ஐந்து புள்ளிகளில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். 0இல் குளிர்நீர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். 12.5இல் அது பாதி. 25இல் இரண்டும் மூடியிருக்க வேண்டும். 62.5இல் நீராவி பாதி, 100இல் முழுவதும். தலைகீழாக்கம் எங்காவது இரட்டிப்பாகியிருந்தால் திரை எல்லாம் சரி என்று காட்டும். வால்வருகே நிற்பவருக்கு மட்டுமே உண்மை தெரியும்.

ஏழாம் படி: எல்லைகளைப் பிரிப்புக்கு முன்னால் வைத்தல்

நீராவி வால்வை 60 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று கொள்வோம். பலர் `HV`-யை 60இல் வெட்டிவிடுவார்கள். அப்போது வெளியீடு 70ஐத் தாண்டி 100 வரை ஏறிக்கொண்டே போகும், வால்வோ 60இலேயே நிற்கும். வெப்பநிலை செட்பாயின்டை நெருங்கிக் கட்டுப்படுத்தி இறங்கத் தொடங்கும்போது, அந்த 30 சதவீதத்தையும் வீணாக இறங்கிய பிறகுதான் நீராவி குறையத் தொடங்கும். வெப்பம் உமிழும் வினையில் இந்தத் தாமதம் ஆபத்தானது. சரியான வழி, கட்டுப்படுத்தியின் வெளியீட்டு மேல்எல்லையையே மாற்றுவது: 25 உடன் 60இன் 0.75 மடங்கான 45ஐக் கூட்டினால் 70. மேல்எல்லை 70 என்று வைத்தால் கட்டுப்படுத்தியின் விண்டப் தடுப்பு தானாகவே வேலை செய்யும். நீராவி வால்வு பழுதுபார்ப்பில் இருக்கும்போது மேல்எல்லையை 25க்குக் கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான்.

கேஸ்கேட் என்பதால் இன்னொரு கண்ணியும் உண்டு. துணைக் கட்டுப்படுத்தி எல்லையில் முட்டி நிற்கும்போது அந்தச் செய்தி முதன்மைக் கட்டுப்படுத்திக்குப் போய், அது அந்தத் திசையில் மேலும் இன்டெக்ரல் சேர்ப்பதை நிறுத்த வேண்டும்.

எட்டாம் படி: டியூனிங்

இரு பக்கங்களின் சரிவும் இப்போது சமம் என்பதால் ஒரே எண்கள் இரண்டுக்கும் பொருந்தும். தாமத நேரம் மட்டும் வேறு. அதிகத் தாமதம் கொண்ட பக்கத்துக்கு ஏற்பவே எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் அமைப்பில் அது குளிர்நீரின் 30 விநாடி, அதாவது 0.5 நிமிடம். மூடிய லூப்பின் கால அளவை அதன் மூன்று மடங்காக, 1.5 நிமிடமாக, எடுத்து, சரிவுவகைச் செயல்முறைக்கான லாம்டா முறையைப் பயன்படுத்துகிறோம்:

```
Ti   = 2*1.5 + 0.5 = 3.5 min
Gain = 3.5 / (0.4 * (1.5 + 0.5)^2) = 2.2 %/degC
```

டெரிவேட்டிவைத் தவிர்ப்பது நல்லது. குளிர்நீர்ப் பக்கத்தில் அது பெருக்கும் இரைச்சலும் நான்கு மடங்காகி வால்வுக்குப் போகும். முதன்மைக் கட்டுப்படுத்தியை இந்த லூப் நிலையாக இயங்கிய பிறகே, இதைவிடக் குறைந்தது மூன்று, நான்கு மடங்கு மெதுவாக டியூன் செய்ய வேண்டும்.

டியூனிங்கைச் சோதிக்கும்போது கடப்பைத் தாண்டும் சோதனை கட்டாயம். சூடாக்கும் பக்கத்திலேயே செட்பாயின்டை 2 டிகிரி ஏற்றி இறக்கி அழகான வளைவைக் காட்டுவது எளிது. அது நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. வெளியீடு 30ஐ ஒட்டி நிற்கும் நிலையிலிருந்து செட்பாயின்டை 4 அல்லது 5 டிகிரி இறக்கி, வெளியீடு 25ஐக் கடந்து குளிர்நீருக்குள் போய்த் திரும்பி வருவதைப் பதிவு செய்ய வேண்டும். இரு பக்கத்து வளைவுகளும் ஒரே சாய்விலும் ஒரே வேகத்திலும் இருந்தால் பிரிப்புப் புள்ளி சரி. குளிர்நீர்ப் பக்கம் இழுபடுகிறதென்றால் அளவீட்டை மீண்டும் பார்த்து, பிரிப்புப் புள்ளியைச் சற்றுக் கீழே நகர்த்த வேண்டும்.

பிறகு வரும் கோளாறுகளை எப்படிக் கண்டறிவது

நன்றாக இயங்கிய லூப் சில மாதங்களில் கடப்பருகே ஊசலாடத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது மூடிய வால்வு உண்மையில் மூடியிருக்கிறதா என்பதே. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டுப்படுத்தியைக் கைமுறையில் 25இல் நிறுத்திவிட்டு, ரியாக்டரில் வினை எதுவும் நடக்காத நேரத்தில் பம்பை ஓட விட வேண்டும். ஜாக்கெட் நுழைவு வெப்பநிலை மெல்ல நகர்ந்து ரியாக்டரின் வெப்பநிலையோடு ஒட்டிவர வேண்டும். பம்பின் உழைப்பு சேர்க்கும் சிறு வெப்பத்தை ஒதுக்கிப் பார்த்தாலும், நுழைவு நீர் உள்ளடக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகவே தங்கிவிட்டால் நீராவி வால்வு கசிகிறது. குளிர்ந்தே தங்கிவிட்டால் குளிர்நீர் வால்வு கசிகிறது. சந்தேகப்படும் வால்வின் முன்னுள்ள கைவால்வை மூடியதும் வேறுபாடு மறைந்தால் முடிவு உறுதி. நீராவி கசியும் வால்வோடு இயங்கும் லூப் சும்மா இருக்க வேண்டிய நேரத்திலும் வெளியீட்டை 22, 23இல் வைத்துக்கொண்டு சிறிதளவு குளிர்நீரை விட்டுக்கொண்டே இருக்கும். ட்ரெண்டில் வெளியீடு ஏன் 25க்குச் சற்றுக் கீழேயே குடியிருக்கிறது என்று கேட்டால் விடை அங்கே கிடைக்கும்.

ஊசலாட்டம் கடப்பிலிருந்து விலகி, வெளியீடு 15ஐச் சுற்றியே நடந்தால் இடைவெளியைக் குறை சொல்ல முடியாது. அது பெரும்பாலும் குளிர்நீர் வால்வின் ஒட்டல்: வெளியீடு மெல்ல ஏறிக்கொண்டே போக, பொசிஷனர் அனுப்பும் நிலைச் சிக்னல் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலில் நகரும். இரண்டையும் ஒரே ட்ரெண்டில் அடுக்கிப் பார்த்தால் படிக்கட்டு வடிவம் தெளிவாகத் தெரியும். குளிர்நீரின் விநியோக வெப்பநிலை பருவத்துக்கு ஏற்ப மாறும் இடங்களில் அந்தப் பக்கத்தின் சரிவும் மாறும் என்பதால், இரு பருவங்களிலும் மூன்றாம் படியை ஒருமுறை செய்து எண்களை ஒப்பிடுவது நல்லது.

சில அமைப்புகளில் இரு பக்கங்களின் தாமதமும் வேகமும் மிக வேறுபடும்; ஒரு பக்கம் சில விநாடியிலும் மறுபக்கம் சில நிமிடங்களிலும் பதிலளிக்கும். கெயினைச் சமப்படுத்தும் பிரிப்பு அந்த வேறுபாட்டைத் தீர்ப்பதில்லை. அங்கே ஒரே வெளியீட்டைக் கைவிட்டு, சூடாக்கலுக்கு ஒரு கட்டுப்படுத்தி, குளிர்விப்புக்கு இன்னொன்று என்று பிரித்து, குளிர்விக்கும் கட்டுப்படுத்தியின் செட்பாயின்டைச் சூடாக்கும் செட்பாயின்டைவிட 1 அல்லது 2 டிகிரி மேலே வைப்பதே பொருந்தும். ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்துக்கு டியூன் செய்யலாம். இரு செட்பாயின்ட்களுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு டிகிரிக்குள் வெப்பநிலை கட்டுப்பாடின்றி மிதப்பதை வினை தாங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.